முன்னாடியே சொல்லிடணும்

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் என் மனைவி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அட்டைகளின் மூலைகளை வெட்டிக்கொண்டிருந்தாள். லேமினேட் செய்த அட்டையின் மூலை ஊசி மாதிரி இருக்கும், கையில் குத்தும். அதனால் ஒவ்வொரு மூலையையும் சின்னக் கத்தரிக்கோலால், நகம் வெட்டுகிற மாதிரி, வளைத்து வெட்டுவாள். வெட்டியதும் கட்டைவிரலால் ஒரு தடவு தடவிப் பார்ப்பாள். திருப்தி இல்லையென்றால் இன்னொரு வெட்டு.

"சார், இங்க வாங்க. ஒரு பாட்டில் வரைஞ்சு குடுங்க. கழுத்து கீழ இருக்கணும், தலைகீழா."

நாங்கள் இருவரும் ஒரே பள்ளியில் வேலை பார்த்தோம். நான் ஆறாம் வகுப்புக்கு அறிவியல். அவள் சிறப்பு ஆசிரியை, தனிக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளுக்கு. பள்ளியில் என்னை சார் என்று கூப்பிட்டுப் பழகியவள் வீட்டிலும் கிண்டலாக அப்படியே கூப்பிட்டாள். நான் பதிலுக்கு டீச்சர் என்பேன்.

வரைந்து கொடுத்தேன். தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"இது பாட்டிலா, பல்லியா?"

"தலைகீழா இருந்தா பாட்டில்தான்."

"இதப் பாத்தா காத்து லேப விட்டே ஓடிடுவா. இன்னொண்ணு போடுங்க."

காத்து என்பது ஆறாம் வகுப்பில் ஒரு பெண்ணுக்கு அவளுடைய அப்பா வைத்த செல்லப்பெயர். நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து அவளுக்கு மின்விசிறி என்றால் உயிர். எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் மேலே பார்ப்பாள். யாரைப் பார்த்தாலும் "உங்க வீட்டுல எத்தனை ஃபேன்?" என்று கேட்பாள். அவளுக்கு ஆட்டிசம். என் மனைவியிடம் அவள் தினமும் இதே கேள்வியைக் கேட்பாள். இவளும் தினமும் "நாலு" என்பாள்.

"அதான் தெரியுமே, அப்புறம் எதுக்குக் கேக்கறா?" என்றேன் அன்றைக்கு.

"தெரியறதாலதான் கேக்கறா. நாள் முழுக்க எது எப்ப மாறும்னு தெரியாம திண்டாடறவளுக்கு, மாறாத பதில் ஒண்ணு இருந்தா தெம்பு."

"சமையக்கட்டு ஃபேன் ஓடி வருஷமாச்சு. அதையும் சேத்தா நாலுன்னு சொல்ற?"

"நான் அதையும் கேட்டேனே. 'ஓடலைன்னாலும் ஃபேன் ஃபேன்தான்'னுட்டா." சிரித்துக்கொண்டே கடைசி மூலையை வெட்டினாள்.

அன்று சாயங்காலம் தலை வலிக்கிறது என்று படுத்தாள். மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்திருந்தது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். பொழுது விடிவதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று.

மேஜைமேல் அட்டைகள் அப்படியே இருந்தன. என்னுடைய இரண்டாவது பாட்டில் படத்தோடு.

*

அந்த அட்டைகள் எதற்காக என்று சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முந்தைய பருவத்தில், என் ஆய்வகத்தில் ஒரு விபரீதம் நடந்தது. காந்தப் பாடம். காத்து இரும்புத்தூளைக் காகிதத்தின்மேல் நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுற்றியிருக்கும் உலகமே அவளுக்குத் தெரியவில்லை, அவ்வளவு சந்தோஷம். அப்போது மணி அடித்தது. எங்கள் ஆய்வக வாசலுக்கு நேர் மேலே மணி. அடித்தால் பல் கூசும். அதோடு சேர்த்து நானும் "சரி, எல்லாத்தையும் வெச்சிட்டு நோட்ட எடுங்க" என்று கத்தினேன். காத்து காதைப் பொத்திக்கொண்டாள். யாரோ அவள் காகிதத்தை எடுத்தார்கள். அடுத்த நொடி தட்டு பறந்தது, ஒரு கண்ணாடிக் குடுவை உடைந்தது, அவள் வராந்தா வழியாக ஓடி, வாசல்கதவைத் தாண்டிச் சாலைக்கே போய்விட்டாள். காவலாளி துரத்திப்போய்ப் பிடித்தார்.

தலைமையாசிரியை மோசமானவர் அல்ல. பிள்ளைகள் அவரைப் பெரிய டீச்சர் என்பார்கள். அவருடைய பயம் நியாயமானது. "சாலைக்கு ஓடின குழந்தையை நான் எப்படிம்மா மறுபடி லேபுக்கு அனுப்புவேன்? அந்த நேரத்துல உங்க ரூம்ல உக்காந்து படம் பாத்து எழுதட்டும்" என்று என் மனைவியிடம் சொன்னார்.

இன்றைக்கு ஆய்வகம் என்றால் நாளைக்கு விளையாட்டு மைதானம். மறுநாள் முழு வகுப்பும். அப்படித்தான் போகும் என்று என் மனைவிக்குத் தெரியும். காத்துவின் அம்மாவுக்கும் தெரியும். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அந்தப் பெண், இதற்கு முன் இரண்டு பள்ளிகளில் இதே கதையைப் பார்த்தவர்.

என் மனைவி ஒரே ஒரு வாய்ப்புக் கேட்டு வாங்கினாள். தண்ணீர் வடிகட்டும் பாடம். பெரிய டீச்சர் வந்து உட்கார்ந்து பார்ப்பார். ஒழுங்காக நடந்தால் காத்து ஆய்வகத்தில் தொடரலாம். இல்லையென்றால் இல்லை.

"அவளுக்கு ஒண்ணும் சொல்லித்தர வேண்டாம் சார். பாடத்தத்தான் மாத்தணும்" என்றாள் என்னிடம். "நீங்க தண்ணியில ஆரம்பிச்சு நிலாவுக்குப் போயிடுவீங்க. மத்த பசங்களுக்கு ஜாலி. அவளுக்கு நடுக்கடல்ல விட்ட மாதிரி. என்ன நடக்கும், எந்த வரிசையில நடக்கும், எப்ப முடியும், முடிஞ்சதும் என்ன. இந்த நாலும் அவ கண்ணுக்கு முன்னாடி இருக்கணும். நிறுத்தறதுக்கு முன்னாடி சொல்லணும். காதுக்கு மட்டுமில்ல, கண்ணுக்கும். முன்னாடியே சொல்லிடணும், அவ்வளவுதான் விஷயம்."

அதற்காகத்தான் அட்டைகள். சிறப்பு வகுப்பறைச் சுவரில் காத்துவுக்கு ஏற்கனவே இருந்தது மாதிரியே, மேலிருந்து கீழாக ஒரு நீளப் பட்டை. அதில் ஒட்டி எடுக்கிற மாதிரி ஒவ்வொரு வேலைக்கும் ஒரு படம். வேலை முடிந்ததும் காத்துவே அந்த அட்டையை எடுத்து, அடியில் தொங்கும் 'முடிந்தது' பைக்குள் போடுவாள். உச்சியில் ஒரு புகைப்பட அட்டை: இன்றைக்கு உன்னோடு இருப்பவர் யார்.

அந்தப் புகைப்படம் என் மனைவியுடையது.

*

விடுப்பு முடிந்து நான் பள்ளிக்குத் திரும்பியபோது, ஆசிரியர் அறையில் எல்லோரும் மெதுவாகப் பேசினார்கள். ஆய்வக உதவியாளர் மட்டும் வழக்கம்போல உரக்கப் பேசினார். எல்லோரும் அவரை லேப் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். "வாங்க சார். டீ ஆறிப்போச்சு, சுட வெச்சுத் தரேன்" என்றார். அன்று எனக்குப் பிடித்த ஒரே குரல் அதுதான்.

பெரிய டீச்சர் கூப்பிட்டனுப்பினார். ஆறுதல் சொன்னார். பிறகு தயங்கித் தயங்கி, "அந்தப் பொண்ணு விஷயத்த விட்டுடலாம் சார். அட்டை முறையெல்லாம் உங்க வீட்டம்மாவோடயே போச்சு. இப்ப அவ எதையும் பாக்கறதில்ல. எல்லாத்தையும் திருப்பிப் போட்டுடறா. வகுப்புலயே ரெண்டு தடவை கத்திட்டா" என்றார்.

"பாடம் எடுக்க வேண்டியது நான் மேடம். நானே எடுக்கறேன்."

"உங்களால முடியுமா?"

எனக்கும் தெரியவில்லை. "தேதிய மட்டும் மாத்தாதீங்க. அவகிட்ட ஏற்கனவே சொல்லியாச்சு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

காத்துவைத் தேடிக்கொண்டு சிறப்பு வகுப்பறைக்குப் போனேன். வாசலில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளேயும் போகாமல், வெளியேயும் போகாமல். பக்கத்தில் அவளுடைய வகுப்புத் தோழி, ஓயாமல் பேசுவதால் லொடலொட என்று பேர் வாங்கியவள்.

"இவ தெனமும் இப்படியே நிக்கறா சார். பெல் அடிக்கற வரைக்கும் நிக்கறா. நானும் கூட நின்னு கால் வலிக்குது."

சுவரில் பட்டையைப் பார்த்தேன். வேலை அட்டைகள் எல்லாம் முகம் திருப்பி வெள்ளையாகக் கிடந்தன. உச்சியில் என் மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள்.

தற்காலிகமாக வந்திருந்த இளம் ஆசிரியை சங்கடத்தோடு சொன்னாள்: "நான்தான் எடுக்கல சார். எதையும் மாத்தக் கூடாது, மாத்தினா அவளுக்குத் தாங்காதுன்னு படிச்சிருக்கேன். அதான் இருந்த மாதிரியே விட்டுட்டேன்."

அவள்மேல் தப்பில்லை. எங்கள் தொழிலில் இருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய பிழை அது. ஆனால் காத்துவின் இடத்திலிருந்து பாருங்கள். அந்தப் பட்டை அவளிடம் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. அதில் படம் இருந்தால் அது நடக்கும். இப்போது தினமும் காலையில் அந்தப் பட்டை 'இன்றைக்கு டீச்சர் வருவார்' என்கிறது. டீச்சர் வருவதில்லை. அப்படியென்றால் மற்ற அட்டைகளை மட்டும் அவள் எப்படி நம்புவாள்?

"காத்து" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. பட்டையைக் காட்டினாள். "அட்டை பொய்."

*

காத்துவின் அம்மாவை அன்று மாலை மருந்துக்கடையில் போய்ப் பார்த்தேன். மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் கைகளைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"டீச்சர் எங்கன்னு கேட்டா என்ன சொல்லியிருக்கீங்க?"

"ஊருக்குப் போயிருக்காங்கன்னு சொன்னேன் சார். எனக்கே வாய் வரல. தூங்கறாங்கன்னு சொல்லலாம்னு பாத்தேன், அப்புறம் இவ தூங்கவே பயப்படுவான்னு விட்டுட்டேன். இப்ப எந்த ஊரு, எந்த பஸ்சு, எத்தன மணிக்குத் திரும்பும்னு கேட்டு உயிர வாங்கறா."

"நேராச் சொல்லிடலாமா? நான் சொல்றேன். நீங்க கூட இருங்க."

அவர் கடைக்குள் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு, "உங்களால அத வாய்விட்டுச் சொல்ல முடியுமா சார்?" என்றார். பெரிய டீச்சர் கேட்ட அதே கேள்வி, வேறு திசையிலிருந்து.

மறுநாள் காலை, சிறப்பு வகுப்பறையில் நாங்கள் மூவரும். இரவெல்லாம் வார்த்தைகளைத் தேடியிருந்தேன். என் மனைவி இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும்: சின்ன வாக்கியம், சுற்றி வளைக்காதீங்க, கேட்டால் அதே வார்த்தையில் திரும்பச் சொல்லுங்க.

"காத்து, டீச்சர் இறந்துட்டாங்க. அவங்க உடம்பு வேலை செய்யறது நின்னுபோச்சு. அவங்க ஊருக்குப் போகல. அவங்க திரும்ப வரமாட்டாங்க."

அவள் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே கேட்டாள். "எப்ப வருவாங்க?"

"வரமாட்டாங்க. இறந்துட்டாங்க."

"திங்கக்கிழமை வருவாங்க."

"வரமாட்டாங்க. இறந்துட்டாங்க."

அதே வார்த்தைகள். வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் போயிட்டாங்க, பிரிஞ்சிட்டாங்க என்று பஞ்சு வைத்துப் பேசினார்கள். நானும் அப்படித்தான் பேசிவந்தேன். அந்தச் சொல்லை அந்த அறையில்தான் முதல்முறை சொன்னேன், அதுவும் திரும்பத் திரும்ப.

காத்து ஆடுவதை நிறுத்தினாள்.

"முன்னாடியே சொன்னாங்களா?"

அவள் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இல்ல" என்றேன். "அவங்களுக்கே தெரியாது. அவங்ககிட்டயும் யாரும் முன்னாடி சொல்லல."

அவள் எழுந்தாள். அட்டைப் பெட்டியைத் துழாவி ஓர் அட்டையை எடுத்தாள். ஆரஞ்சு நிற முக்கோணம். என் மனைவி பழக்கியது. 'மாற்றம்' என்று அதற்குப் பேர். முதலில் நல்ல மாற்றங்களுக்கு மட்டுமே அதைக் காட்டினாள்: கணக்குக்குப் பதில் ஊஞ்சல், எழுதுவதற்குப் பதில் வண்ணம். அது பழகிய பிறகு சின்னச் சின்ன ஏமாற்றங்களுக்கு. மாற்றம் என்று ஒன்று உண்டு, அதற்கும் ஓர் அட்டை உண்டு, அது வந்தாலும் மற்றவை அப்படியே இருக்கும் என்று சொல்லித்தர இரண்டு பருவங்கள் எடுத்துக்கொண்டாள்.

காத்து புகைப்படத்தைப் பட்டையிலிருந்து பிய்த்து எடுத்தாள். அந்த இடத்தில் முக்கோணத்தை ஒட்டினாள்.

"மாற்றம்" என்றாள்.

புகைப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். முறைப்படி அது எங்கே போக வேண்டும் என்று எங்கள் மூவருக்கும் தெரியும். அவள் அதை 'முடிந்தது' பைக்குள் போட்டாள். மெதுவாகத்தான் போட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"உங்க வீட்டுல எத்தனை ஃபேன்?"

"நாலு."

தலையை ஆட்டிக்கொண்டாள். வெள்ளையாகக் கிடந்த அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பி வைக்க ஆரம்பித்தாள்.

*

அதன் பிறகு வேலை ஆரம்பமாயிற்று. என் புகைப்படத்தை அட்டையாக்கி, மூலைகளை வளைத்து வெட்டிக் கொடுத்தேன். கட்டைவிரலால் தடவினாள். "குத்துது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். இரண்டாவது முறையும் குத்தியது. மூன்றாவதை வாங்கி உச்சியில் ஒட்டினாள்.

லேப் அண்ணனிடம், பாடம் நடக்கும்போது ஆய்வக மணியை மட்டும் அடிக்காமல் செய்ய முடியுமா என்று கேட்டேன்.

"மணியோட கழுத்தையே திருகிடலாம் சார். எத்தன நாளா காத்திருக்கேன்." ஏணி போட்டு ஏறி ஒயரைக் கழற்றினார். "நாம படிச்ச காலத்துல, மணி அடிக்கப்போகுதுன்னு யாரும் நமக்கு அட்டை காட்டல, பாருங்க."

பாடத்துக்கு முந்தின நாள், ஆய்வகம் காலியாக இருந்தபோது காத்துவை அழைத்துப் போனேன். அவள் உட்காரப்போகும் இடம், சுவரோரம், வாசலிலிருந்து தள்ளி. அவளுடைய தட்டு. தப்பித்துப்போய் அமைதியாக உட்கார ஜன்னலோரம் ஒரு நாற்காலி. பெரிய டீச்சர் உட்காரப்போகும் இடத்தைக்கூடக் காட்டினேன். மேலே பார்த்து, "மூணு ஃபேன், ரெண்டு டக்கு டக்குங்குது" என்று அறிக்கை கொடுத்தாள்.

மேஜைமேல் சிவப்பு வட்டம் உள்ள கடிகாரத்தையும் வைத்தேன். நேரம் குறையக் குறைய சிவப்பு சுருங்கிக்கொண்டே போகும். எவ்வளவு மிச்சம் என்று எண் தெரியாதவர்களுக்கும் தெரியும்.

*

அன்றைக்குப் பெரிய டீச்சர் கையில் மூக்குக்கண்ணாடிக் கூட்டோடு வந்து காட்டிய இடத்தில் உட்கார்ந்தார். இளம் ஆசிரியை வாசலருகே நின்றாள். பலகையில் வகுப்புக்கே பொதுவாக ஒரு பெரிய பட்டை ஒட்டியிருந்தேன். காத்துவின் மேஜையில் அதன் சின்ன நகல். பஞ்சு. மணல். கூழாங்கல். ஊற்று. பார். எழுது. அதில் என் பாட்டில் படமும் இருந்தது. பார்த்த உடனேயே பின்வரிசையில் ஒருவன் "சார், பல்லி!" என்றான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். பிறகு பாடத்தைத் தொடங்கினேன்.

அடியை வெட்டிய பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து, கழுத்தில் பஞ்சை அடைத்தார்கள். அதன்மேல் மணல், அதற்கும் மேலே கூழாங்கல். ஒவ்வொன்று முடிந்ததும் பலகையில் அட்டையை எடுத்தேன். காத்து அவளுடையதை எடுத்துப் பைக்குள் போட்டாள். எனக்கு ஆற்றுப்படுகை பற்றி ஓர் அருமையான கதை நாக்கு நுனிவரை வந்தது. கதைக்கு அட்டை இல்லை. விழுங்கிவிட்டேன்.

சேற்றுத் தண்ணீரை ஊற்றத் தொடங்கியபோது மின்சாரம் போயிற்று.

மூன்று மின்விசிறிகளும் ஒரே சமயம் மெல்ல மெல்லச் சுழற்சி குறைந்து, நின்றன.

நான் எதற்கெல்லாமோ தயாராக இருந்தேன். இதற்கு இல்லை. காத்து தலையை நிமிர்த்தி மேலே பார்த்தாள். அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது, முதலில் மெல்ல, பிறகு உரக்க. கைகள் காதுக்குப் போயின. காவலாளி வாசலைப் பார்த்து நகர்வது ஜன்னல் வழியே தெரிந்தது. பெரிய டீச்சர் பாதி எழுந்துவிட்டார்.

நான் அவளருகே போய்ப் பக்கவாட்டில் குந்தினேன். தொடவில்லை. "பரவாயில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்ல வாய் துடித்தது, சொல்லவில்லை. அவளுக்கு அது ஒண்ணுமில்லாத விஷயம் இல்லை. பட்டையின் பக்கத்தில் விரலை வைத்தேன், அவ்வளவுதான். லொடலொடகூட வாயைத் திறக்கவில்லை. அவள் வாழ்க்கையில் அதுவே பெரிய சாதனை.

காத்து ஆடினாள். ஆடிக்கொண்டே இருந்தாள். சத்தம் முனகலாயிற்று. ஒரு கை காதை விட்டு இறங்கியது. அட்டைப் பெட்டிக்குள் போயிற்று. ஆரஞ்சு முக்கோணம் வெளியே வந்தது.

அதை 'ஊற்று' அட்டைக்குப் பக்கத்தில் ஒட்டினாள்.

"மாற்றம்" என்றாள், வகுப்பு முழுவதற்கும் கேட்கும்படி. "ஃபேன் நின்னுபோச்சு. ஊத்தறது நிக்கல."

ஊற்றினாள்.

பெரிய டீச்சர் மெதுவாக உட்கார்ந்தார்.

முதல் தண்ணீர் கலங்கலாகத்தான் வந்தது. மணலில் இருக்கும் தூசியே முதலில் கழுவிக்கொண்டு வரும். "சார், ஏமாத்து வேலை" என்றார்கள். மறுபடி ஊற்றச் சொன்னேன். கூழாங்கல்லைத் தாண்டி, மணலைத் தாண்டி, பஞ்சின் அடியிலிருந்து ஒரு சொட்டு. பிறகு இன்னொன்று. பாட்டிலைத் தாங்கிய கிளாஸின் அடியில் தெளிவு கூடிக்கொண்டே வந்தது. காத்து கன்னத்தை மேஜைமேல் வைத்து, சொட்டு விழுவதைக் கண்ணுக்கு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் காந்தப் பாட நாளின் அதே சந்தோஷம். இந்த இடத்தில்தான் அன்றைக்கு எல்லாம் உடைந்தது.

சிவப்பு ஐந்து நிமிடத்துக்குச் சுருங்கியிருந்தது.

"இன்னும் அஞ்சு நிமிஷம் பாக்கறது. அப்புறம் எழுதறது" என்றேன். வகுப்புக்குச் சொல்லிவிட்டு, அவள் மேஜைக்குப் போய் அட்டையையும் கடிகாரத்தையும் காட்டினேன். அவள் கண் ஒருமுறை அங்கே போய் வரும்வரை காத்திருந்தேன். வெறுமனே சொல்லிவிட்டுப் போவது முன்னறிவிப்பு ஆகாது. அது போய்ச் சேர வேண்டும்.

பிறகு, "இன்னும் ரெண்டு நிமிஷம் பாக்கறது. அப்புறம் எழுதறது." அதே வார்த்தைகள்.

பிறகு, "கடைசி மூணு சொட்டு."

வகுப்பே எண்ணியது. ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவது சொட்டும் உருண்டு திரண்டு நின்றது. தண்ணீர் இன்னும் நிற்கவில்லையே! காத்துவின் தோள் இறுகியது. முடியாத ஒன்றை முடிந்தது பைக்குள் எப்படிப் போடுவது?

அதற்கும் என் மனைவி ஓர் ஏற்பாடு வைத்திருந்தாள். ஜன்னலுக்கு அடியில் ஒரு தட்டு. அதன்மேல் 'பிறகு' என்று எழுதியது. பாதியில் நிற்கும் வேலைகள் தொலைந்துபோவதில்லை, அங்கே போய் இருக்கும், சாப்பாட்டு இடைவேளையில் வந்து பார்க்கலாம். நான் தட்டைக் காட்டினேன். காத்து பாட்டிலையும் கிளாஸையும் சேர்த்து இரண்டு கைகளாலும் தூக்கினாள். முன்னால் போய் எல்லோரையும் வழிவிடச் சொன்ன லொடலொடவுக்குப் பின்னால், சொட்டச் சொட்ட, ஒரு துளியும் சிந்தாமல், அறையின் குறுக்கே நடந்து போய்த் தட்டில் வைத்தாள். திரும்பி வந்தாள். 'பார்' அட்டையை எடுத்துப் பைக்குள் போட்டாள்.

உட்கார்ந்தாள். நோட்டைத் திறந்தாள்.

வாசலருகே லேப் அண்ணன் கைதட்டப் போனவர், சத்தம் ஆகாது என்று நினைவு வந்து, இரு கைகளையும் தலைக்குமேல் தூக்கி ஆட்டினார். அதைப் பார்த்து வகுப்பே கையைத் தூக்கி ஆட்டியது. சத்தமே இல்லாத கைதட்டல். நாற்பது கைகளோ ஐம்பது கைகளோ, காற்றில் இலைகள் மாதிரி. இளம் ஆசிரியை இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டே அழுதாள்.

எழுதும் நேரமும் முடிவுக்கு வந்தது. பெரிய டீச்சர் எழுந்து வந்து காத்துவின் நோட்டைப் பார்த்தார். படம் வரைந்து, அம்புக்குறி போட்டு, எது எதைத் தடுக்கிறது என்று எழுதியிருந்தாள். 'இந்தத் தண்ணி குடிக்கக் கூடாது' என்று நான் ஒருமுறை சொன்னதை அடிக்கோடிட்டிருந்தாள்.

"நல்லா எழுதியிருக்கியேம்மா. அடுத்த வாரம் லேப்ல என்ன பாடம்னு சார்கிட்ட கேட்டு வெச்சுக்கோ. நானும் வருவேன்" என்றார். என்னைப் பார்த்து, "மணிய அப்படியே விட்டுடுங்க சார்" என்றார். அவ்வளவுதான் தீர்ப்பு. ஆனால் அவர் நிறுத்தவில்லை. மனம் நெகிழ்ந்துவிட்டதால் நின்று பேசிக்கொண்டே போனார், என் மனைவியைப் பற்றி, அவள் உழைப்பைப் பற்றி.

காத்து கடிகாரத்தைத் திருப்பி அவர் முகத்துக்கு நேராக வைத்தாள்.

"இன்னும் ரெண்டு நிமிஷம் பேசறது" என்றாள். "அப்புறம் சாப்பாடு."

பெரிய டீச்சர் ஒரு கணம் திகைத்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். நான் அந்த வருஷம் முதல்முறையாக, வயிறு வலிக்கிற மாதிரி, சிரித்தேன். சொன்னபடி இரண்டு நிமிடத்துக்குள் அவர் பேச்சை முடித்துக்கொண்டார்.

சாப்பாட்டு இடைவேளையில் காத்துவின் அம்மா கடையிலிருந்து ஓடி வந்திருந்தார். ஜன்னலடியில் மகள் குந்தியிருந்தாள். 'பிறகு' தட்டில் பாட்டில் சொட்டி முடித்திருந்தது; கிளாஸில் தெளிந்த தண்ணீர். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார், அதிலேயே பதிலை எடுத்துக்கொண்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மின்சாரம் வந்தது. மூன்று மின்விசிறிகளும் கிளம்பின. இரண்டு டக்கு டக்கு என்றன.

*

காத்து இப்போது ஒன்பதாம் வகுப்பு. ஆய்வகத்துக்கு எல்லோரையும் போல வருகிறாள். பட்டையைத் தானே தயார் செய்துகொள்கிறாள், அட்டைகளுக்குப் பதில் எழுத்தில். இன்னும் என் எல்லா வகுப்புகளிலும் ஐந்து நிமிடத்துக்கு முன் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் பிள்ளைகளே கேட்கிறார்கள். மணியின் ஒயர் மறுபடி மாட்டப்படவில்லை.

சமையலறை மின்விசிறியைக் கழற்றிவிட்டு இடத்தைச் சுத்தம் செய்து தருவதாகப் போன மாதம் வந்த எலெக்ட்ரீஷியன் சொன்னார். "ஓடாத ஃபேன் எதுக்கு சார்?" வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் வராந்தாவில் காத்து எதிரே வந்தாள்.

"உங்க வீட்டுல எத்தனை ஃபேன்?"

"நாலு."